சுண்ணாம்புக் கோடு தெளிவு, பிள்ளை மங்கல்

விளையாட்டு விழாவில் எடுத்த படத்தை வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால், ஓடிவரும் மகளின் முகம் மங்கியிருக்கும். அவளுக்குப் பின்னால் தரையில் இழுத்த சுண்ணாம்புக் கோடு மட்டும் பளிச்சென்று தெரியும். கை ஆடிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். கை ஆடியிருந்தால் கோடும் சேர்ந்தல்லவா மங்கியிருக்கும்! ஃபோகஸ்தான் பின்தங்கிவிட்டது.

100 மீட்டரை 15 விநாடியில் ஓடும் பிள்ளை, விநாடிக்கு ஆறரை மீட்டர் நம்மை நோக்கி வருகிறாள். சாதாரண ஏபிஎஸ்-சி கேமராவில் 200 மி.மீ. லென்ஸை f/4-இல் வைத்து, பத்து மீட்டர் தூரத்தில் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் மொத்தமே சுமார் 40 செ.மீ.தான். ஒருமுறை மட்டும் பூட்டும் ஃபோகஸ், நாம் பட்டனை அழுத்தப் பத்தில் ஒரு விநாடி பிந்தினாலே தோற்றுவிடும். அதற்குள் அவள் 65 செ.மீ. தாண்டியிருப்பாள்.

ஆகவே தொடர் ஃபோகஸ் வேண்டும். நிக்கான், சோனியில் `AF-C`. கேனனில் `SERVO` அல்லது `AI SERVO`. பட்டனைப் பாதி அழுத்தி வைத்திருக்கும்வரை கேமரா தூரத்தை அளந்துகொண்டே, அடுத்து எங்கே இருப்பாள் என்றும் கணிக்கும். கணிக்க அவகாசம் தர வேண்டும். முடிவுக் கோட்டுக்கு அப்பால் பத்து மீட்டர் தள்ளி, ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் நின்றுகொண்டு, அவள் பாதித் தூரம் வந்ததுமே பாதி அழுத்திப் பின்தொடருங்கள்.

பலர் சறுக்குவது ஃபோகஸ் பகுதியில். திரை முழுவதையும் கேமராவிடம் விட்டால், பெரும்பாலும் அருகில் இருப்பதைப் பற்றும்: ரிப்பனையோ, அதைப் பிடித்து நிற்கும் ஆசிரியரையோ. ஒற்றைப் புள்ளி என்றால் ஓடும் மார்பின் மேல் அதை நிறுத்தி வைக்க நம்மால் ஆகாது. நடுவில் சில புள்ளிகள் சேர்ந்த சிறு தொகுதிதான் எனக்குச் சரிப்படுகிறது. கண்ணைத் தேடும் வசதி தனியாக ஓடுபவருக்கு அருமை. எட்டுப் பேர் நெருக்கி வரும்போது முகத்துக்கு முகம் தாவலாம். பக்கத்துப் பாதைப் பிள்ளை குறுக்கே வந்தால் எவ்வளவு சீக்கிரம் தாவ வேண்டும் என்பதற்கும் பல கேமராக்களில் ஓர் அமைப்பு உண்டு. அதை மெதுவான பக்கம் தள்ளிவையுங்கள்.

பர்ஸ்ட்டைத் தொடக்கத்திலிருந்தே அடிக்காதீர்கள். கேமராவின் தற்காலிக நினைவகம் நிரம்பி, ரிப்பன் அறுபடும் நேரத்தில் நின்றுபோகும். ராவில் எடுத்தால் இன்னும் சீக்கிரம். விநாடிக்கு எட்டுப் படம் என்றால், கடைசிப் பத்து மீட்டருக்கு ஒன்றரை விநாடியில் பன்னிரண்டு படங்கள். அதுவே தாராளம். ஷட்டர் 1/1000.

முதல் ஹீட் முடிந்ததும் கேமராத் திரையிலேயே பெரிதாக்கித் தரையைப் பாருங்கள். அவளுக்குப் பின்னால் கோடு தெளிவென்றால், இன்னும் முன்கூட்டியே பின்தொடர வேண்டும். முன்னால் ரிப்பன் தெளிவென்றால் தொகுதியைச் சுருக்குங்கள். முகம் தெளிந்து கைகால் மட்டும் இழுபட்டிருந்தால் ஃபோகஸைத் தொடாதீர்கள், ஷட்டரை 1/1600-க்கு ஏற்றுங்கள்.