கடாரமா, கிடாரமா, கெடாவா?

முதலாம் ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் நடத்திய கடற்படையெடுப்பைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவருக்கு முதல் சிக்கல் ஊர்ப்பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. அவனுடைய மெய்க்கீர்த்தியில் அது கடாரம். லெய்டன் பெரிய செப்பேட்டின் தமிழ்ப் பகுதியில் கிடாரம். அதே செப்பேட்டின் வடமொழிப் பகுதியில் கடாஹம். இன்றைய மலேசிய வரைபடத்தில் கெடா. கட்டுரையில் நான்கும் கலந்து வந்தால், சோழன் நான்கு ஊர்களை வென்றதாகவே வாசகர் நினைப்பார்.

ஆங்கில நூலைப் பார்த்து எழுதும்போது ஐந்தாவதாக ஒரு பெயரும் முளைக்கும். ரோமன் எழுத்தில் கடாஹத்தின் டகரத்துக்கு அடியில் ஒரு புள்ளி இருக்க வேண்டும். அச்சில் அது விடுபட்டால் Kataha என்று நிற்கும். அதைத் தமிழாக்குகிறவர் ‘கதாகா’ என்று எழுதிவிடுவார். எந்தச் சாசனத்திலும் இல்லாத ஊர் அப்படித்தான் பிறக்கிறது. ரோமன் வடிவத்திலிருந்து பெயரைத் தமிழுக்குக் கொண்டுவராமல், மூலப் பாடத்தைப் பார்த்து எழுதுவதே இதற்கு மருந்து.

அரசர் பெயரில் ஆபத்து நேர்மாறானது. லெய்டன் செப்பேடு சொல்லும் மன்னன் மாரவிஜயோத்துங்கவர்மன். நாகப்பட்டினத்தில் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் விகாரம் எழுப்பியவன், ராஜராஜனுக்கு நண்பன். ராஜேந்திரனிடம் தோற்றதாக மெய்க்கீர்த்தி சொல்பவனோ சங்கிராம விஜயோத்துங்கவர்மன். பெயர் நீளமாக இருக்கிறதே என்று இருவரையும் ‘விஜயோத்துங்கன்’ என்று சுருக்கினால், விகாரம் கட்டியவனே தோற்றுப் பிடிபட்டவனாகிவிடுவான். ஆகவே எழுத்துக்கூட்டலைத் தீர்மானிக்கும் முன்பு, பெயர்கள் சுட்டுவது ஒருவரையா இருவரையா என்று தீர்மானிக்க வேண்டும்.

அதற்கு ஒரு தாள் போதும். ஒவ்வொரு பெயர் வடிவத்துக்கும் எதிரே அது வரும் சாசனம், மொழி, காலம், குறிக்கும் ஆள் அல்லது இடம் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். இந்தக் கட்டுரைக்கு நான் சோழர் கால அரசுக்குக் கடாரம் என்றும், இன்றைய மாநிலத்துக்குக் கெடா என்றும் வைத்துக்கொள்வேன். பழைய அரசின் எல்லையும் இன்றைய மாநில எல்லையும் ஒன்றல்ல என்பதால் இரண்டும் தேவை. முதன்முறை வரும் இடத்தில் ‘கடாரம் (செப்பேட்டில் கிடாரம், கடாஹம்)’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும்.

கடைசியாகக் கணினியில் தேடிச் சரிபார்க்கும்போது ‘கிடாரம்’ என்று முழுச்சொல்லாகத் தேடாதீர்கள். கிடாரத்தை, கிடாரத்து, கிடாரத்தரையன் எல்லாம் தப்பிவிடும். ‘கிடார’ என்ற அளவில் தேடினால் வேற்றுமை உருபேற்ற வடிவங்களும் அகப்படும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் மாற்றிவிடக் கூடாது. மேற்கோளுக்குள் சாசனம் கிடாரம் என்று சொன்னால் அது கிடாரமாகவே இருக்க வேண்டும். ஒரே வடிவம் என்ற விதி நம் வாக்கியங்களுக்குத்தான். கல்லிலும் செப்பிலும் வெட்டியவரின் வாக்கியத்துக்கு அல்ல.