ஏஐ அவதார் பேசுது... உதடு ஏன் ஒட்டலை?

தொழிற்சாலைப் பயிற்சி வீடியோக்களில் இப்போது ஏஐ அவதார் பாடம் நடத்துகிறது. ஆனா, பார்க்கிறவங்களுக்கு ஏதோ இடிக்குது. ஏன்?

'பம்பை நிறுத்துங்க' என்று சொல்லிப் பாருங்கள். 'ப', 'ம்' வரும்போது உதடுகள் மூடியே ஆகணும். அவதாரின் உதடு அங்கே திறந்திருந்தால் கண் உடனே பிடித்துவிடும். 'க', 'ட' எல்லாம் வாய்க்குள் உருவாகும் ஒலிகள் என்பதால், அங்கே பிழை அவ்வளவாகத் தெரியாது.

எப்படிச் சோதிப்பது?

வீடியோவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, 'ப', 'ம' வரும் இடங்களில் நிறுத்திப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவு தள்ளியிருந்தால், எடிட்டிங்கில் ஒலியை நகர்த்தினால் போதும். சில சொற்களில் மட்டும் என்றால், அந்த வாக்கியத்தை மறுபடி உருவாக்கணும். அதுவும் சரிவரலைன்னா, அங்கே முகத்துக்குப் பதிலாக நிஜ பம்பைக் காட்டிவிடலாம்.

உதடு சரியானால் போதுமா?

போதாது. 'இவர் பம்பைத் தொட்டதே இல்லையே' என்ற கேள்வி வரும். அதனால் தொடக்கத்திலேயே, 'இது ஏஐ அவதார். பாடத்தைச் சரிபார்த்தவர் எங்கள் பராமரிப்புப் பொறியாளர்' என்று பெயருடன் போடுங்கள். மறைத்து, பின்னால் தெரியவந்தால், அவதாரோடு சேர்த்து அது சொன்ன பாதுகாப்பு விதியையும் சந்தேகப்படுவார்கள்.