'நாடா' என்றால் ஒன்றுமில்லை

நம் பண்ணைப்புரத்து ராசய்யா சென்னைக்குப் போய் ராஜா ஆனார். 1976இல் 'அன்னக்கிளி' வெளிவரும் முன் பஞ்சு அருணாசலம் அந்தப் பெயருக்கு முன்னால் 'இளைய' என்பதைச் சேர்த்தார். ஏ.எம்.ராஜா என்ற புகழ்பெற்ற பாடகர் அதே துறையில் ஏற்கெனவே இருந்ததுதான் காரணம். பெயர் அழகாக இருந்தால் மட்டும் போதாது, பக்கத்துக் கடைக்காரர் பெயரோடு குழம்பவும் கூடாது. வெளிநாட்டுக்குத் துணியோ கூடையோ வாழைநார்ப் பையோ அனுப்ப நினைக்கும் சங்கங்கள் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் கடைசியில்தான் போடுகின்றன. பைக்குக் கைப்பிடி எப்படி வைப்பது என்று மாதக்கணக்கில் பேசுவார்கள். பெயரை ஒரு மாலைக் கூட்டத்தில் முடித்துவிடுவார்கள்.

நாம் பெயர் வைக்காவிட்டால் வாங்குகிறவர் வைத்துவிடுவார். சென்னையிலிருந்து கட்டம் போட்ட கைத்தறித் துணி பல தலைமுறைகளாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. நைஜீரியாவின் இக்போ மக்கள் அதைக் கல்யாணத்துக்கும் விசேஷங்களுக்கும் உடுத்துகிறார்கள். அவர்கள் அதற்கு வைத்த பெயர் 'ஜார்ஜ்'. புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து வந்த பெயர் அது என்பார்கள். அமெரிக்காவில் அதே வகைத் துணிக்கு 'மெட்ராஸ்' என்று பெயர். இரண்டும் வெள்ளைக்காரருக்கும் ஆப்பிரிக்கருக்கும் சுலபமாக வாயில் வரும் சொற்கள், அதனால் நிலைத்துவிட்டன. நெய்த ஊரின் பெயரோ நெய்தவர்களின் பெயரோ அவற்றில் இல்லை. இன்று எந்த நாட்டு மில் கட்டம் போட்ட துணி நெய்தாலும் அதை 'மெட்ராஸ்' என்று விற்கிறது. சென்னைக்கு அருகே தறியில் உட்கார்ந்தவருக்கு அந்தப் பெயரால் ஒரு பைசா வந்ததில்லை.

அப்படியானால் சுலபமான தமிழ்ச் சொல் ஒன்றை எடுப்போம். கம்பம் பள்ளத்தாக்கில் வாழைக்குப் பஞ்சமில்லை. வாழைநார்ப் பைக்கு 'வாழை' என்று பெயர் வைக்கலாமா? ஆங்கிலத்தில் ழகரத்துக்கு நாம் இசட்டும் எச்சும் போடுகிறோம். அதைப் பார்க்கும் ஜெர்மானியரோ அமெரிக்கரோ 'வாசை' என்றோ 'வாஜை' என்றோ வாசிப்பார். நீங்கள் போனில் 'வாழை' என்று சொன்னால் அதை எப்படி எழுதுவது என்று அவருக்குத் தெரியாது. எழுதத் தெரியாதவர் இணையத்தில் தேடவும் முடியாது. அடுத்த ஆர்டர் அங்கேயே நின்றுவிடும்.

இதைச் சோதிக்கச் செலவு எதுவும் இல்லை. தமிழ் தெரியாத ஐந்து பேரைப் பிடியுங்கள். தேக்கடிக்கு வரும் பயணிகளும் ஆகும், வெளிமாநிலத்தில் படிக்கும் மாணவர்களின் நண்பர்களும் ஆவார்கள். ஆங்கில எழுத்தில் எழுதிய பெயரைச் சிலரிடம் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். வேறு சிலரிடம் எழுத்தைக் காட்டாமல் வாயால் சொல்லி எழுதச் சொல்லுங்கள். வாசித்தது நம் ஒலியோடும், எழுதியது நம் எழுத்தோடும் பொருந்தினால் பெயர் பாதி தேறியது. இரண்டு நாள் கழித்து அதே ஆட்களை அழைத்து, அந்தப் பெயர் நினைவிருக்கிறதா என்று கேட்டால் மீதிப் பாதியும் தெரிந்துவிடும். இதில் ஊரில் படித்தவர்களின் கருத்தைக் கேட்பதால் பயனில்லை. நமக்கு அந்தச் சொல் ஏற்கெனவே தெரியும்.

ஒலி தேறினாலும் பொருள் காலை வாரலாம். ஆண்டிபட்டி சக்கம்பட்டிப் பக்கம் தறி பார்த்தவர்களுக்கு நாடா தெரியும். ஊடை நூலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டுபோகும் கருவி அது. 'நாடா' இரண்டே அசை, எந்த நாட்டுக்காரரும் சொல்லிவிடுவார். ஆனால் ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கு 'ஒன்றுமில்லை' என்று பொருள். நாடாவுக்குள் இருக்கும் நூல்சுற்றிய 'தார்', ஆங்கிலக்காரருக்குச் சாலையில் ஊற்றும் தார். எந்த நாட்டுக்கு விற்கப்போகிறோமோ அந்த நாட்டு அகராதியில் பெயரை ஒருமுறை தேடியே ஆக வேண்டும்.

இங்கே நம் மக்களுக்கென்று ஒரு சிக்கல் காத்திருக்கிறது. 'பறை' என்ற பெயரைச் சில இளைஞர்கள் பெருமையோடு முன்வைப்பார்கள், நானும் கைதட்டுவேன். ஆனால் தமிழிலிருந்து போன அந்த வேர்ச்சொல் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் 'ஒதுக்கப்பட்டவன்' என்ற வசவாகவே இன்றும் அகராதியில் இருக்கிறது. நம் மீது சுமத்தப்பட்ட இழிவு கடல் கடந்து நமக்கு முன்பே அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. அது தெரிந்துதான் அந்தப் பெயரை வைக்கவேண்டும்.

தெரிந்தே வைத்தவர் ஒருவர் உண்டு. மும்பைக் கலைஞர் சுதீர் ராஜ்பர் 2018இல் தொடங்கிய பை நிறுவனத்தின் பெயர் 'சமார் ஸ்டூடியோ'. மகாராஷ்டிரத்தில் 2015இல் மாட்டிறைச்சித் தடை வந்தபின் தோல் கிடைக்காமல் தவித்த தாராவித் தொழிலாளர்களோடு சேர்ந்து, தோலுக்குப் பதில் மறுசுழற்சி ரப்பரில் பை செய்தார். அது கூட்டுறவுச் சங்கம் அல்ல, ஆனாலும் பெயர் வைத்த விதம் நாம் படிக்கவேண்டியது. தோலைக் குறிக்கும் சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தது 'சமார்'. வெளிநாட்டவர் காதில் அது இரண்டு அசை கொண்ட இனிய ஒலி, ஒருமுறை கேட்டால் போதும். இந்தியாவிலோ அந்தச் சொல்லை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு ஒருவரை நோக்கிச் சொல்வது வன்கொடுமைச் சட்டப்படி குற்றம் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. வசவாக வீசப்பட்ட சொல் விலையுயர்ந்த பையின் மேல் வந்ததும், அதை உச்சரிக்கும் பணக்கார வாடிக்கையாளர்தான் சங்கடப்படவேண்டியதாயிற்று.

அதைப் பார்த்து எல்லோரும் செய்யலாம் என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பெயரைச் சுமக்கப்போவது முடைகிற பெண்ணும் பள்ளிக்குப் போகும் அவள் பிள்ளையும். "அம்மா எங்கே வேலை செய்றாங்க?" என்று வகுப்பில் கேட்டால் அந்தப் பிள்ளை தயங்காமல் சொல்லுமா என்பதும் ஒரு சோதனைதான். வெளிநாட்டவர் ஐந்து பேரைக் கேட்பதற்கு முன் இதை உறுப்பினர்களிடம் கேளுங்கள். சங்கத்துக்கு உதவ வந்த வெளியார், என்னைப் போன்ற எழுதுகிறவர்கள் உட்பட, அந்த நேரத்தில் வெளியே நிற்பது நல்லது.

பெயர் முடிவானதும் வணிகக்குறிப் பதிவு. வெறும் ஊர்ப் பெயரையும், பொருளையே சொல்லும் பெயரையும் 1999ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்தின் 9ஆவது பிரிவு சாதாரணமாக ஏற்காது. துணிக்கு 'நூல்' என்றோ 'பண்ணைப்புரம்' என்றோ மட்டும் கேட்டால் ஆட்சேபம் வரும். வேறொரு சொல்லை முதன்மைப் பெயராக்கி, ஊரைக் கீழே சிறிய எழுத்தில் போட்டுக்கொள்ளலாம். துணி 24ஆம் வகுப்பு, உடுப்பு 25, கைப்பை 18. சிறு நிறுவனமாகப் பதிவு பெற்றிருந்தால் இணையவழியில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், இல்லாவிட்டால் 9,000. அதே பெயர் அதே வகுப்பில் வேறொருவரிடம் இருக்கிறதா என்பதைப் பதிவகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். பஞ்சு அருணாசலம் செய்த வேலைதான் அது. இந்தியா 2013இல் மாட்ரிட் உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டதால், இங்கிருந்தே ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளுக்குக் கேட்கவும் வழி இருக்கிறது.

மாதிரிச் சரக்கு கப்பல் ஏறும் முன்பே இதை முடிக்கவேண்டும். பல நாடுகளில் முதலில் பதிகிறவருக்கே பெயர் சொந்தம். வாங்குகிற கம்பெனியோ, நடுவில் நிற்கும் ஏற்றுமதியாளரோ "நாங்களே பதிந்து தருகிறோம்" என்று அன்பாகச் சொல்வார்கள். கையெழுத்துப் போடும் முன் விண்ணப்பத்தில் ஒரே ஒரு கட்டத்தைப் பாருங்கள். உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் சங்கத்தின் பெயர் இருக்கவேண்டும்.