எதற்கும் முன்னால் மனம்

எல்லாவற்றுக்கும் முன்னால் செல்வது மனமே என்று சொல்லும் பௌத்தப் பாடல், பாலி மொழியில் அமைந்த தம்மபதத்தின் முதல் பாடல். சுத்த பிடகத்தின் குத்தக நிகாயத்தில் அடங்கிய இந்நூலில் 26 அத்தியாயங்கள், 423 பாடல்கள். முதல் அத்தியாயத்தின் பெயர் யமக வர்க்கம், அதாவது இரட்டைப் பாடல்கள்.

பாடலின் பொருள் எளிது. கெட்ட மனத்தோடு ஒருவர் பேசினாலோ செயல்பட்டாலோ, வண்டி இழுக்கும் மாட்டின் குளம்படியைச் சக்கரம் தொடர்வதுபோலத் துன்பம் அவரைத் தொடரும். மலையையும் மழையையும் மனமே படைத்தது என்று இதற்குப் பொருள் கொள்வது சரியல்ல. நம் சொல்லுக்கும் செயலுக்கும் முன்னே நிற்கும் எண்ணத்தைப் பற்றியே பாடல் பேசுகிறது.

பழைய உரை இதற்கு ஒரு கதை சொல்கிறது. சக்குபாலர் என்ற பார்வையற்ற முதிய துறவி, மழை பெய்து ஓய்ந்த இரவில் உலாவினார். ஈர மண்ணிலிருந்து வெளிவந்த பூச்சிகள் அவர் காலடியில் மிதிபட்டு இறந்தன. காலையில் அதைக் கண்ட துறவிகள் புத்தரிடம் முறையிட்டார்கள். "அவர் மிதித்ததை நீங்கள் பார்த்தீர்களா?" என்று கேட்டார் புத்தர். இல்லை என்றார்கள். அவரும் பூச்சிகளைப் பார்க்கவில்லை, கொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை, எனவே குற்றமும் இல்லை என்றார் புத்தர். சக்குபாலரின் பார்வை போனதற்கு முற்பிறவிச் செயலை உரை காரணமாகக் காட்டுகிறது: மருத்துவராக இருந்தபோது, ஒரு பெண்ணின் கண்ணை வேண்டுமென்றே கெடுத்தாராம்.

இதன் இணையான இரண்டாம் பாடலில், தூய மனத்தோடு பேசிச் செயல்படுபவரை இன்பம் நிழல்போலத் தொடர்கிறது.