வட்டியில்லாத் தவணையில் வட்டி எங்கே இருக்கிறது?

கடையில் ஒரு டபுள் டோர் ஃப்ரிட்ஜ் நிற்கிறது. விலை 30,000 ரூபாய். பக்கத்திலேயே ‘நோ காஸ்ட் இஎம்ஐ: மாதம் 5,000 ரூபாய், 6 மாதம்’ என்று ஒரு அட்டை. ஆறு ஐயாயிரம் முப்பதாயிரம். கூட்டிப் பார்த்தால் ஒரு ரூபாய்கூட அதிகமில்லை. அப்படியென்றால் வங்கி சும்மாவா கடன் கொடுக்கிறது?

சும்மா கொடுப்பதில்லை. கிரெடிட் கார்டு இஎம்ஐக்கு வங்கி ஆண்டுக்கு 15 சதவீதம் வட்டி போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பெயரில் அது எழுதும் கடன் 30,000 அல்ல, 28,730 ரூபாய்தான். அதற்கு ஆறு மாத வட்டி 1,270 ரூபாய். இரண்டும் சேர்ந்துதான் அந்த 30,000. விலையில் குறைந்த 1,270 ரூபாயைக் கடைக்காரரோ ஃப்ரிட்ஜ் கம்பெனியோ தள்ளுபடியாக விட்டுக்கொடுக்கிறார்கள். ஆக வட்டி இருக்கிறது. தள்ளுபடி அதை ஈடுகட்டுகிறது. இதுவரை இதில் ஏமாற்று எதுவும் இல்லை.

ஆனால் மொத்தப் பணத்தையும் கையில் கொடுத்து வாங்குபவருக்கு அதே தள்ளுபடி கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். கிடைக்கும் என்றால் அந்த 1,270 ரூபாய் உங்களுக்கு வரவேண்டிய பணம். அதை எடுத்து உங்கள் வட்டியையே அடைத்துவிட்டு, ‘வட்டி இல்லை’ என்று சொல்கிறார்கள்.

ரிசர்வ் வங்கி இதை 2013 செப்டம்பரிலேயே கவனித்தது. பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று கிடையாது என்று அப்போது வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. பொருளின் விலையில் தள்ளுபடி உண்டென்றால், அதைக் கழித்த பிறகே கடன் தொகையைக் கணக்கிட வேண்டும், வட்டியைக் குறைத்துக் காட்ட அந்தத் தள்ளுபடியைப் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் சாரம். 2022இல் வந்த கிரெடிட் கார்டு விதிகள், தவணையாக மாற்றும் முன்பே அசல், வட்டி, கொடுத்த தள்ளுபடி மூன்றையும் தனித்தனியாகக் காட்டச் சொல்கின்றன. கார்டு பில்லிலும் அவை தனியாக வரவேண்டும். நல்ல விதிதான். ஆனால் ரொக்கமாகக் கொடுத்தால் கடைக்காரர் எவ்வளவு குறைப்பார் என்பது வங்கியின் எந்தக் காகிதத்திலும் வராது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவர் வாங்குபவர்தான்.

கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. “இஎம்ஐ போட்டா எவ்வளவுண்ணே?” என்று ஆரம்பித்தால் பேரம் அங்கேயே முடிந்துவிடும். முதலில் “மொத்தமா ஜிபே பண்ணிட்டா கடைசி விலை என்ன?” என்று கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். கொட்டேஷன் சீட்டில் மாடல் எண் கடைசி எழுத்துவரை இருக்கட்டும். ஒரே ஃப்ரிட்ஜ்போலத் தெரிவது ஒரு எழுத்து மாறினால் வேறு மாடலாக இருக்கும், விலையும் வேறாகும். தவணையைப் பற்றி அதன் பிறகு பேசலாம். “இந்த விலைக்கே நோ காஸ்ட் போட்டுத் தருவீங்களா?” என்றால் பெரும்பாலும் “இல்ல சார், ஃபைனான்ஸ்னா போர்டு விலைதான்” என்று வரும். உங்களுக்கு வேண்டிய பதில் அதுதான். ஆன்லைனில் வாங்கினால் பணம் கட்டும் பக்கத்தில் இரண்டு வழியையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துக் கடைசித் தொகையைப் பாருங்கள். முழுப் பணம் கட்டினால் கிடைக்கும் கார்டு தள்ளுபடி, நோ காஸ்ட் இஎம்ஐயைத் தொட்டதும் சில சமயம் காணாமல் போகும்.

நம் ஃப்ரிட்ஜுக்கு ரொக்க விலை 28,500 ரூபாய் என்று சொன்னார்கள் என்று வைப்போம். இனிக் கணக்கு.

தவணையில் 30,000 போகிறது. அதோடு நிற்பதில்லை. கிரெடிட் கார்டு வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. கடைக்காரர் வட்டியை ஈடுகட்டுகிறாரே தவிர, அதன் மேல் விழும் வரியை ஈடுகட்டுவதில்லை. முதல் மாத வட்டி 359 ரூபாய், அதற்கு வரி 65 ரூபாய். கடன் குறையக் குறைய இதுவும் குறைந்து, ஆறு மாதத்தில் மொத்தம் 229 ரூபாய் ஆகும். பிராசசிங் ஃபீஸ் 199 ரூபாய் என்றால் வரியோடு 235. ஆக 30,464 ரூபாய் கட்டுகிறீர்கள். ரொக்க விலையைவிட 1,964 ரூபாய் அதிகம்.

இதை வட்டி விகிதமாக மாற்றும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். 28,500க்கு 1,964 என்றால் ஏறக்குறைய 6.9 சதவீதம். ஆறு மாதத்துக்கு அவ்வளவு என்றால் வருடத்துக்கு 13.8 என்று இரட்டித்துவிடத் தோன்றும். ஆனால் முழுக் கடனும் ஆறு மாதம் உங்களிடம் இருக்கவில்லை. முதல் ஐயாயிரம் ஒரே மாதத்தில் திரும்பிப் போய்விட்டது. கடைசி ஐயாயிரம் மட்டும்தான் ஆறு மாதம் இருந்தது. சராசரி பார்த்தால் மூன்றரை மாதம். தவணைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டிப் பாதியாக்கினால் இந்தச் சராசரி வந்துவிடும். இப்போது 6.9ஐ 12ஆல் பெருக்கி 3.5ஆல் வகுத்தால் 23.7. ‘நோ காஸ்ட்’ என்று எழுதிய கடனின் வட்டி ஆண்டுக்கு 23 சதவீதத்துக்கும் மேல்! நுணுக்கமாகக் கணக்கிட்டாலும் 23.4 வருகிறது. கடையில் நின்றபடி போனில் தட்டிப் பார்க்க இந்தச் சூத்திரம் தாராளமாகப் போதும்.

வரியும் ஃபீஸும் இல்லாத கணக்கு என்றால் எக்செல் செய்து கொடுத்துவிடும்:

```
=RATE(6,-5000,28500)*12
```

விடை 0.178, அதாவது 17.8 சதவீதம். மூன்றாவதாக இருக்கும் எண் ரொக்க விலை. அந்த இடத்தில் 30,000 போட்டால் பூஜ்யம் வரும். விளம்பர அட்டையைத் தயாரித்தவர் போட்ட கணக்கு அது.

கார்டு இல்லாதவர்களுக்குக் கடைக்குள்ளேயே மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் ஃபைனான்ஸ் கம்பெனி இருக்கிறது. இந்தக் கடனின் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது, ஃபீஸுக்கு மட்டும் உண்டு. ஆனால் இங்கே வேறொரு சூட்சுமம். ‘10/2 ஸ்கீம்’ என்பார்கள்: பத்துத் தவணை, அதில் இரண்டை இன்றைக்கே கட்ட வேண்டும். நம் ஃப்ரிட்ஜுக்கு 3,000 வீதம் பத்து. கவுன்ட்டரிலேயே 6,000 போய்விடுவதால், ரொக்க விலைப்படி நீங்கள் உண்மையில் வாங்கிய கடன் 22,500 ரூபாய், அதுவும் எட்டு மாதத்துக்கு. அதிகமாகக் கட்டும் 1,500 ரூபாயை இந்தக் கடனோடு ஒப்பிட்டு, சராசரி நாலரை மாதம் என்று வைத்தால் வட்டி 17.8 சதவீதம். ‘பத்து மாதக் கடன்தானே’ என்று முழு விலைக்கும் பத்து மாதம் போட்டுக் கணக்குப் பார்த்தவருக்கு ஆறு சொச்சம்தான் தெரிந்திருக்கும்.

இத்தகைய கடனுக்கு 2024 அக்டோபர் முதல் ‘கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்’ என்ற தாள் தரவேண்டும். எல்லாச் செலவும் சேர்ந்த ஆண்டு விகிதம் அதில் இருக்கும். கேட்டு வாங்கிப் படியுங்கள், மறைந்திருக்கும் ஃபீஸையும் இன்ஷூரன்ஸையும் அது வெளியே கொண்டுவரும். ஆனால் அந்த விகிதம் பில்லில் எழுதிய 30,000 ரூபாயிலிருந்து தொடங்குகிறது. 28,500 என்ற எண் அந்தத் தாளுக்குத் தெரியாது.

எல்லா நோ காஸ்ட் திட்டமும் இப்படி என்று சொல்ல மாட்டேன். பண்டிகை நேரத்தில் கம்பெனியே வட்டிச் செலவை ஏற்று, ரொக்கத்துக்கும் தவணைக்கும் ஒரே விலை வைப்பதுண்டு. அப்போது மீதமிருப்பது 464 ரூபாய் வரியும் ஃபீஸும் மட்டும். அதே சூத்திரத்தில் 30,000க்குப் போட்டால் ஐந்தரை சதவீதத்துக்கும் கீழே வரும். கையில் பணம் இல்லாதவருக்கு அது மலிவான கடன். பணம் இருப்பவர் அதை சேவிங்ஸ் கணக்கில் விட்டுவைத்துத் தவணை கட்டினால், அங்கே கிடைக்கும் வட்டி இந்த 464ஐ ஈடுகட்டாது. மொத்தமாகக் கொடுத்துவிட்டு ஃப்ரிட்ஜை வண்டியில் ஏற்றச் சொல்லலாம்.