திங்கட்கிழமை தோறும் வந்த வட்டி

அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலிருந்து இயங்கிய செல்சியஸ் நெட்வொர்க், தன்னிடம் போட்டுவைக்கும் கிரிப்டோ நாணயங்களுக்கு ஆண்டுக்கு 17 சதவீதம் வரை வட்டி தருவதாக விளம்பரம் செய்தது. வாராவாரம் திங்கட்கிழமை வட்டி கணக்கில் ஏறிவிடும். போட்டதை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். வருமானத்தில் 80 சதவீதம் வரை மக்களுக்கே தருகிறோம் என்பது அதன் தலைவர் அலெக்ஸ் மஷின்ஸ்கியின் பேச்சு.

அந்த வருமானம் எங்கிருந்து வந்தது? வாங்கிய நாணயங்களைக் கிரிப்டோ வர்த்தக நிறுவனங்களுக்குக் கூடுதல் வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள். வேறு சில முதலீடுகளிலும் போட்டார்கள். இதில் மர்மம் ஒன்றும் இல்லை. கோளாறு வட்டியை நிர்ணயித்த விதத்தில் இருந்தது. திவால் வழக்கில் நியமிக்கப்பட்ட ஆய்வாளர் 2023இல் தந்த அறிக்கையின்படி, சம்பாதித்ததைப் பார்த்து அல்ல, போட்டி நிறுவனங்கள் தருவதைப் பார்த்தே விகிதம் முடிவானது. துண்டு விழுந்ததை ஈடுகட்ட மேலும் ஆபத்தான இடங்களைத் தேட வேண்டியதாயிற்று.

ஈதர் நாணயத்துக்கு நேர்ந்ததைப் பாருங்கள். எத்தீரியம் வலையமைப்பைக் காக்க ஈதரைப் பிணையாகப் பூட்டிவைத்தால் அதற்கு வருமானம் உண்டு. ஸ்டேக்கிங் என்பார்கள். ஆனால் பூட்டியதைத் திரும்ப எடுக்கும் வசதி 2023 ஏப்ரலில்தான் வந்தது. வாடிக்கையாளரோ இன்றைக்கே கேட்கலாம். பூட்டிய ஈதருக்குச் சான்றாகக் கிடைத்த எஸ்டிஈடிஎச் டோக்கனைச் சந்தையில் விற்கலாம்தான். 2022 ஜூனில் அதன் விலை ஈதரைவிட 5 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. அவசரத்தில் மொத்தமாக விற்றால் இன்னும் சரியும். இதற்கு முன்பே, ஸ்டேக்ஹவுண்ட் என்ற நிறுவனத்திடம் கொடுத்திருந்த 35,000 ஈதர், திறவுச்சொற்கள் தொலைந்ததால் எடுக்க முடியாமல் போயிருந்தது. பணம் போட்டவர்களிடம் அதைச் சொல்லவில்லை. என் பார்வையில் மன்னிக்கவே முடியாதது இந்த மௌனம்தான்.

2022 மே மாதம் டெரா நாணயம் நொறுங்கியதும் மக்கள் பணத்தை எடுக்கத் தொடங்கினார்கள். எடுக்க முடியாத ஒருவரையாவது தெரியுமா என்று ஜூன் 11 அன்று மஷின்ஸ்கி ட்விட்டரில் கேட்டார். மறுநாளே எல்லாக் கணக்குகளும் முடக்கப்பட்டன. ஜூலை 13 அன்று திவால் மனு. கணக்கில் ஏறத்தாழ 120 கோடி டாலர் பள்ளம்.

அதன்பிறகுதான் பலருக்கு ஒப்பந்த வாசகம் புரிந்தது. வட்டிக் கணக்கில் போட்ட நாணயத்தின் உரிமை நிறுவனத்துக்கே போய்விடுகிறது என்று அதில் இருந்தது. 2023 ஜனவரியில் நீதிபதி மார்ட்டின் கிளென் அதை உறுதிசெய்தார். வங்கி வைப்புக்கு உள்ள காப்பீடு இங்கே கிடையாது. போட்டவர்கள் பிணையில்லாக் கடன்காரர்களோடு வரிசையில் நின்றார்கள். மஷின்ஸ்கிக்கு 2025 மே மாதம் 12 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. போட்டவர்களின் பாக்கியோ மனு தாக்கலான நாளின் விலைக்கே கணக்கிடப்பட்டது. ஒரு பிட்காயினுக்குச் சுமார் 20,000 டாலர். அதில் ஒரு பகுதி 2024 தொடக்கத்தில் கைக்கு வரத் தொடங்கியபோது, சந்தையில் பிட்காயின் 40,000 டாலரைத் தாண்டியிருந்தது.