எந்த ஓடிபியைச் சொல்லலாம்?

சனிக்கிழமை சாயங்காலம் திருப்பூர் வட்டாரத்தில் வாரச் சம்பளம் கைக்கு வரும். அன்று ராத்திரி மணி டிரான்ஸ்ஃபர் கடைகளின் வாசலில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் பணத்தோடு காத்து நிற்பார்கள். கொமரலிங்கம், மடத்துக்குளம் பக்கத்து நூற்பாலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கும் ஊருக்குப் பணம் அனுப்பும் கவலை இதேதான். இவர்களுக்காக ஒடியாவிலும் இந்தியிலும் நான்கு நிமிடக் காணொளி ஒன்று எடுத்தால், அதில் முதலில் எதைக் காட்ட வேண்டும்?

கட்டணத்தைத்தான். வாரம் 3,000 ரூபாய் அனுப்புகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். திரையில் மூன்று பட்டைகள் போதும். தபால் மணியார்டர் என்றால் நூற்றுக்கு ஐந்து ரூபாய். வாரம் 150, மாதம் 600. கடையில் கொடுத்து அனுப்பினால் பல இடங்களில் நூற்றுக்கு ஒரு ரூபாய். வாரம் 30, மாதம் 120. சொந்தக் கணக்கிலிருந்து யுபிஐயில் அனுப்பினால் கட்டணமே இல்லை, மூன்றாவது பட்டை வெறும் கோடாகக் கிடக்கும். இதோடு இன்னொன்றையும் காட்ட வேண்டும். கடைகளில் குறைந்தபட்சக் கட்டணமாக 10 ரூபாய் வாங்குவது வழக்கம். 500 ரூபாய் அனுப்பினாலும் அந்தப் பத்து போய்விடும், அதாவது நூற்றுக்கு இரண்டு. கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புகிறவருக்குத்தான் செலவு கூடுகிறது.

யுபிஐ இலவசம் என்று தெரிந்தும் கடைக்கு ஏன் போகிறார்கள்? கூலி ரொக்கமாக வருகிறது என்பது ஒரு காரணம். வங்கிக் கணக்கோடு இணைத்த பழைய சிம் தொலைந்துபோனது இன்னொரு காரணம். கணக்கோடு இணைந்த எண் கையில் இல்லாமல் யுபிஐயைத் தொடங்கவே முடியாது. வங்கிக் கிளைக்குப் போய் எண்ணை மாற்ற அரை நாள் கூலி போகும். ஆனால் மாதம் 120 ரூபாய் மிச்சம் என்று கணக்குப் போட்டுக் காட்டினால், அந்த அரை நாள் சில மாதங்களில் திரும்பி வந்துவிடும் என்பது அவருக்கே புரியும்.

அதுவரை கடைதான். இங்கேதான் எச்சரிக்கைக் காணொளிகள் தொழிலாளியைக் குழப்புகின்றன. 'ஓடிபியை யாரிடமும் சொல்லாதே' என்கின்றன எல்லாமே. கடைக்காரரோ, "பையா, ஓடிபி சொல்லு" என்கிறார். இரண்டில் எதை நம்புவது? கடைக்காரர் கேட்பதில் தப்பில்லை. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2024 நவம்பர் முதல், ரொக்கம் கொடுத்து அனுப்புகிறவர் தன் செல்பேசி எண்ணையும் அடையாளச் சான்றையும் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் கூடுதலாக ஒரு சரிபார்ப்பு உண்டு. அந்தச் சரிபார்ப்புதான் பெரும்பாலும் ஓடிபியாக வருகிறது. எதிரே நிற்கும் கடைக்காரரிடம், பெறுபவர் பெயரையும் தொகையையும் திரையில் பார்த்த பிறகு, அனுப்புவதற்கான ஓடிபியைச் சொல்லலாம். போனில் கேட்கும் யாருக்கும் சொல்லக் கூடாது.

இரண்டாவது ஓடிபி ஒன்று உண்டு, அதைப் பற்றி யாரும் விளக்குவதில்லை. பணம் ஊருக்குப் போய்ச் சேராமல் திரும்பி வந்தால், அதைக் கடையில் திரும்பப் பெறவும் அனுப்பியவர் எண்ணுக்கு ஓடிபி வரும். அதைச் சொன்னதும் தொகை கடைக்காரரின் கணக்கில் ஏறிவிடும். அவர் நம் கையில் ரொக்கமாகத் தர வேண்டும். 'சர்வர் டவுன், நாளைக்கு வா' என்று சொல்லிக்கொண்டே அந்த ஓடிபியைக் கேட்டால் சுதாரிக்க வேண்டும். அவர் பணத்தை எண்ணி மேசைமேல் வைத்த பிறகே சொல்ல வேண்டும். அனுப்பும்போது நம் போனுக்கு ஓடிபியே வரவில்லையா? வேறு யாருடைய எண்ணிலோ பதிவாகியிருக்கலாம். அப்படியானால் திரும்பி வரும் பணத்துக்கான ஓடிபியும் அந்த எண்ணுக்குத்தான் போகும். அவசரத்துக்குக் கடைக்காரர் தன் எண்ணையே போடுவது உதவி போலத் தெரியும். அதை அனுமதிக்கக் கூடாது. பரிவர்த்தனை எண் அச்சான ரசீதை, ஊரில் வீட்டார் பணம் வந்ததாகச் சொல்லும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

யுபிஐக்கு மாறியவருக்குக் காட்ட வேண்டிய காட்சி வேறு. பணம் வாங்க பின் எண் தேவையே இல்லை. 'உங்களுக்குப் பணம் வந்திருக்கிறது, க்யூஆரை ஸ்கேன் செய்து பின் போடுங்கள்' என்று யார் சொன்னாலும் பணம் போகப் போவது நம் கணக்கிலிருந்துதான். புது எண்ணுக்கு அனுப்பும்போது, பின் போடுமுன் திரையில் வரும், வங்கியில் பதிவான பெறுபவர் பெயரை வாசித்து, முதலில் ஒரு ரூபாய் அனுப்பி, வீட்டில் கேட்டு உறுதிசெய்துவிட்டு மீதியை அனுப்பலாம்.

பாஸ்புக்கையும் ஏடிஎம் கார்டையும் சிம்மையும் கொடுத்தால் கமிஷன் தருகிறேன் என்று அறைக்கே வந்து கேட்பவர்கள் இருக்கிறார்கள். திருடிய பணத்தை அந்தக் கணக்கு வழியாகக் கடத்துவதற்குத்தான் கேட்கிறார்கள். போலீஸ் தேடி வருவது கணக்குக்காரரைத்தான். ஊருக்கு அனுப்பச் சேர்த்த பணமும் அந்தக் கணக்கில் முடங்கிப்போகும்.

ஏமாந்துவிட்டால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும், cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியலாம். திருடிய பணம் கணக்குவிட்டுக் கணக்கு தாவி ஏடிஎம்மில் எடுக்கப்படுவதற்குள் சொன்னால்தான் வங்கிகளால் அதை நிறுத்தி வைக்க முடியும். 1930 என்ற அந்த நான்கு இலக்கங்கள் காணொளியின் கடைசியில் மட்டும் வந்தால் போதாது, தொடக்கம் முதல் திரையின் மூலையிலேயே இருக்கட்டும்.